ஒன்பது நகர்வுகளில் ராணியை இழந்த ஆட்டம்: குன்னூரிலிருந்து ஒரு பகிர்வு

குன்னூர், ஒரு மாணவனின் தாய்

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது சதுரங்கப் பலகையை முதன்முறையாகத் தொட்ட என் மகனுக்கு இப்போது பதினொரு வயது. ஊட்டியில் நடந்த பள்ளிப் போட்டி ஒன்றில், நான்காவது நகர்விலேயே எதிராளியின் ராணி f7 சிப்பாயை வெட்டி அவனுக்குச் செக்மேட் வைத்தது. அழுதுகொண்டு வந்தவன், மறுவாரமே அதே தந்திரத்தைக் கற்றுக்கொண்டு தன் வகுப்பில் பாதிப் பேரை வீழ்த்திவிட்டான். அன்றிலிருந்து வெள்ளைக் காய்கள் கிடைத்தால் அவனுடைய இரண்டாவது நகர்வு எப்போதும் ராணியை h5க்குக் கொண்டு போவதுதான்.

சென்ற மாதம் கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு சிறுமியிடம் அந்தத் தந்திரம் எடுபடவில்லை. அவன் எழுதி வைத்திருந்த தாளிலிருந்து ஆட்டத்தை அப்படியே தருகிறேன்.

```
1.e4 e5 2.Qh5 Nc6 3.Bc4 g6 4.Qf3 Nf6
5.Qb3 Nd4 6.Bxf7+ Ke7 7.Qc4 b5 8.Qc3 Kxf7
9.d3 Bb4
```

ஆறாவது நகர்வில் செக் வைத்தபோது தான் வென்றுவிட்டதாகவே நினைத்தானாம். "ஒன்பதாவது நகர்வில் சிப்பாயைத் தள்ளியதுதான் பிழை, மற்றதெல்லாம் சரி" என்பது அவன் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எங்கே பிழை என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஆட்டம் தெரியாது.

கூடலூர், மளிகைக் கடை வைத்திருப்பவர்

அம்மா, என் மகளுக்கும் இதே நிலை இருந்தது. நான் அவளுக்கு ஒரே ஒரு விதிதான் சொல்லிக் கொடுத்தேன்: எதிராளியின் ராணி h5க்கு வந்தவுடன், வேறெதையும் யோசிக்காமல் g சிப்பாயை g6க்குத் தள்ளி அதை விரட்டிவிட வேண்டும். காஸ்லிங் செய்து முடிக்கும்வரை நம் ராணி வீட்டை விட்டு வெளியே வரவே கூடாது என்பதும் எங்கள் வீட்டில் சட்டம்.

ஊட்டி, ஒரு தாத்தா

நாங்கள் சிறுவயதில் ஆடிய ஆட்டத்தில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். ராணி இவ்வளவு விரைவாக வெளியே வந்ததாக எனக்கு நினைவில்லை. பேரனோடு ஆட உட்கார்ந்தால் முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் தாண்டுகிறான். நான் தடுத்தால் சிரிக்கிறான். இந்தப் பையனுக்கும் பழைய முறையைச் சொல்லிக் கொடுத்தால் தொல்லை தீர்ந்துவிடாதா?

கோத்தகிரி, சதுரங்கம் கற்பிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்

தாத்தா அவர்களே, வீட்டில் பேரனோடு எப்படி வேண்டுமானாலும் ஆடலாம். போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு அந்த இரண்டு கட்டத் தாவல் தேவை. e4க்குப் போகும் சிப்பாய் d5, f5 ஆகிய நடுப்பகுதிக் கட்டங்களைக் கண்காணிப்பதோடு, மந்திரிக்கும் வழி திறந்துவிடுகிறது. ராணிக்கும் வழி திறக்கிறது என்பதுதான் இங்கே வினையாகப் போயிற்று.

கூடலூர் நண்பர் சொன்னதில் ஒரு பாதியை உடனே திருத்த வேண்டும், ஏனெனில் அதைக் கேட்டு ஆடும் குழந்தை யானையை இழந்துவிடும். இரண்டாவது நகர்விலேயே g6 தள்ளினால், வெள்ளை ராணி e5 சிப்பாயை வெட்டி ராஜாவுக்குச் செக் வைக்கும். G சிப்பாய் விலகியதால் மூலைவிட்டம் திறந்துவிட, அதே நகர்வில் h8 யானையும் ராணியின் பார்வையில் விழுந்துவிடும். முதலில் குதிரையை c6க்குக் கொண்டுவந்து e5க்குக் காவல் போட வேண்டும். அடுத்து மந்திரி c4க்கு வந்து f7 மீது மிரட்டல் எழும்போதுதான் g6 சரியான நகர்வாகிறது. அந்தச் சிறுமி வரிசையைப் பிசகாமல் ஆடியிருக்கிறாள்.

இப்போது குன்னூர் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். என் மாணவர்களிடம் இத்தகைய ஆட்டத்தை எட்டாவது நகர்வில் நிறுத்தி, யார் எத்தனை முறை நகர்ந்தார்கள் என்று எண்ணச் சொல்வேன். உங்கள் மகனின் எட்டு நகர்வுகளில் ஐந்தை ராணி எடுத்துக்கொண்டது, இரண்டு மந்திரிக்கு, ஒன்று சிப்பாய்க்கு. இரண்டு குதிரைகளும் பிறந்த கட்டத்திலேயே நிற்கின்றன. போன மந்திரியும் ஒரு சிப்பாய்க்கு விலையாகிவிட்டது. கறுப்பு ராஜா வெளியே நடந்து வந்தது உண்மைதான், ஆனால் அதைத் தாக்குவதற்கு வெள்ளையிடம் ஆளே இல்லை.

ஒன்பதாவது நகர்வில் d3 தள்ளியபோது, c3 ராணிக்கும் e1 ராஜாவுக்கும் இடையிலிருந்த d2 கட்டம் காலியாயிற்று. மந்திரி b4க்கு வந்ததும் ராணி ராஜாவோடு கட்டுண்டுவிட்டது. அது மந்திரியை வெட்டினால், d4 குதிரை c2 சிப்பாயை வெட்டி ராஜாவுக்குச் செக் வைத்து, அடுத்த நகர்வில் b4இலுள்ள ராணியை எடுத்துக்கொள்ளும். d3 என்பது மந்திரிக்கு வழிவிடும் சாதாரண நகர்வு. எட்டு நகர்வுகளைத் தவறாகச் செலவழித்தவனுக்கு ஒன்பதாவது நல்ல நகர்வும் நஞ்சாகிவிட்டது. அசல் பிழை ஐந்தாவது நகர்வில் இருக்கிறது. அங்கே Ne2 ஆடியிருந்தால் குதிரை d4 கட்டத்தைக் காத்திருக்கும், கறுப்புக் குதிரை அங்கே வந்து ராணியை விரட்டியிருக்க முடியாது. குதிரைக்கு இயல்பான இடம் f3. அதை ராணி பிடித்துக்கொண்டதால் e2க்குப் போக வேண்டியிருக்கிறது என்பதையும் மகனுக்குக் காட்டுங்கள்.

கூடலூர், மளிகைக் கடை வைத்திருப்பவர்

g6 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், இன்றிரவே மகளிடம் திருத்திவிடுவேன். ஆனால் ராணி வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதில் என்ன தவறு, ஐயா?

கோத்தகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அதைச் சட்டமாக்கினால் நெருடும். வெள்ளையின் e4க்குக் கறுப்பு d5 என்று பதில் சொல்லி, சிப்பாய் வெட்டியதும் இரண்டாவது நகர்விலேயே ராணியால் திருப்பி வெட்டும் தொடக்கத்தைப் பெரிய ஆட்டக்காரர்களும் ஆடுகிறார்கள். அங்கே ராணி ஒரு சிப்பாயை மீட்பதற்காக வருகிறது. குதிரை c3க்கு வந்து தாக்கும்போது இன்னொரு நகர்வை இழப்போம் என்று தெரிந்தே வருகிறது. அவ்வளவு ஏன், 2005இல் நகமுரா நம் சென்னை சசிகிரணுக்கு எதிராக இதே 2.Qh5 ஆடினார். ஐந்தாவது நகர்வில் Ne2 ஆடியதால் தொடக்கத்தில் அவருக்குப் பெரிய கேடு ஒன்றும் வரவில்லை. பின்னர் நடு ஆட்டத்தில் செய்த பிழையால்தான் தோற்றார். ஆகவே அந்த நகர்வே தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைக்கு அது எதையும் கற்றுத் தராது என்பதே என் குறை.

குன்னூர், தாய்

ஐயா, நேற்று மழையில் பள்ளி விடுமுறை. பலகையை வைத்து எண்ணிக் காட்டினேன். ஐந்து, இரண்டு, ஒன்று என்று அவனே எண்ணிவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "b3க்குப் போகமாட்டேன், ஐந்தாவது நகர்வில் g4 தள்ளி அந்தக் குதிரையை விரட்டுவேன்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். வகுப்பில் இன்னும் வெல்கிறான் என்பதால் முழுமையாக நிறுத்தச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

g4க்கும் குதிரை d4க்குத்தான் வரும், அம்மா. ராணியையும் c2 சிப்பாயையும் அது ஒரே நேரத்தில் தாக்குவதால், c2வைக் காக்க ராணி பெரும்பாலும் d1க்கே திரும்ப வேண்டியிருக்கும். பிறகு கறுப்பு d5 தள்ளி நடுவைத் திறக்கும். அவனே கறுப்புக் காய்களை எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் வெள்ளையில் அவனுடைய g4 வரை ஆடிக் காட்டுங்கள்.