வொஷிங்டன் உடன்படிக்கை இருந்தும் என் பட்டத்துக்கு ஏன் தனி மதிப்பீடு?

வெள்ளவத்தை சிவில்: 2012இல் இங்கே சிவில் முடித்தேன். கொழும்பில் கட்டட வேலை. பிரிஸ்பேன் போக விண்ணப்பிக்கப் பார்த்தால், சிடிஆர் என்ற திறன் விளக்க அறிக்கை எழுதச் சொல்கிறார்கள். 2017இல் அதே துறையில் முடித்தவனுக்கு அது தேவைப்படவில்லை. ஏன்?

மின்னல்: பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் இந்த உடன்படிக்கையில் இலங்கை 2014இலேயே முழு உறுப்பினர். பட்டம் சமம் என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். சிடிஆர் கேட்பது அநியாயம், எதிர்த்து எழுதுங்கள்.

மெல்பேர்ன் அண்ணா: 2014 சரி, மின்னல். ஆனால் உடன்படிக்கை பின்னோக்கிப் போகாது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமான ஐ.இ.எஸ்.எல். முழு உறுப்பினரான பிறகு, அது அங்கீகரித்த பாடநெறிகளுக்குத்தான் செல்லும். கம்பஸ் பெயர் போதாது. எந்தப் பாடநெறி, எந்த ஆண்டு என்று பார்ப்பார்கள். தம்பி, நீங்கள் 2012. எதிர்த்து எழுதி நாட்களை வீணாக்காதீர்கள். சிடிஆரில் மூன்று அனுபவக் கட்டுரைகள் கேட்பார்கள். 'எங்கள் குழு அத்திவார பைல் அடித்தது' என்று எழுதினால் விழுந்துவிடும். மண் அறிக்கையில் எதைக் கண்டீர்கள், பைல் ஆழத்தை ஏன் மாற்றினீர்கள், எந்தக் கணக்கு உங்கள் கையால் போட்டது என்று 'நான்' போட்டு எழுதுங்கள். சொந்த வேலையாக இருக்கவேண்டும். பிறர் எழுதியதைப் பிரதி செய்தால் மறுப்பு மட்டுமல்ல, தடையும் வரலாம்.

நிலா: நான் கொழும்பிலேயே ஒரு பிரித்தானியப் பட்டம் படித்தேன். பிரித்தானியாவும் உறுப்பு நாடு, அப்போ எனக்குப் பிரச்சினை இல்லைதானே?

மெல்பேர்ன் அண்ணா: அப்படிச் சொல்ல முடியாது. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் அல்ல, கொழும்பில் நடந்த அந்தப் பாடநெறி அங்கீகாரம் பெற்றதா என்பதுதான் கேள்வி. பிரித்தானியப் பொறியியல் கவுன்சிலின் பட்டியலில் கற்ற இடத்தையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

மின்னல்: சரி, ஆண்டு விதி இருக்கட்டும். அதே விரிவுரையாளர், அதே பாடத்திட்டம். 2012 பட்டம் மட்டும் குறைந்ததா? எனக்கு இது ஏற்கவில்லை.

மெல்பேர்ன் அண்ணா: குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஆண்டுக்கு உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரப் பதிவு இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் ஆளை நேரே மதிப்பிடுகிறார்கள்.

மின்னல்: பதிவு இல்லாததற்கு மாணவன் ஏன் விலை கொடுக்கவேண்டும்?

வெள்ளவத்தை சிவில்: அண்ணா, சிடிஆர் பாஸானால் குயின்ஸ்லாந்தில் பொறியியலாளராகக் கையெழுத்து வைக்கலாமா?

மெல்பேர்ன் அண்ணா: இல்லை. அது குடிவரவுக்கான திறன் மதிப்பீடு. குயின்ஸ்லாந்தில் பொறியியல் சேவை வழங்க, பதிவுபெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையில் இல்லாவிட்டால் ஆர்.பி.ஈ.கியூ. என்ற அந்த மாநிலப் பொறியியலாளர் பதிவு வேண்டும். அதற்குத் தகுதியோடு அனுபவமும் தனியே மதிப்பிடப்படும். 2017இல் முடித்தவனுக்கும் இதே கதைதான். உடன்படிக்கை அவனுக்குக் கல்விப் பகுதியை மட்டும்தான் தீர்த்தது. கனடாவிலும் உரிமம் கொடுப்பது மாகாண அமைப்புகள், அவை தங்கள் மதிப்பீட்டைத் தாங்களே செய்யும்.

வெள்ளவத்தை சிவில்: சரி அண்ணா. பழைய தளக் குறிப்பேடுகளை எடுத்து, பைல் வேலையில் தொடங்குகிறேன்.