கலைச்சொல் தேவை: ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதும் எலும்பு விரிசலும்

பிசியோதெரபிஸ்ட், மதுரை
பயிற்சியாளர்களுக்குக் கையேடு எழுதுகிறேன். ‘low energy availability’ என்பதற்கு ‘குறை ஆற்றல் கிடைப்பு’ என்று போட்டேன். படித்துப் பார்த்த பயிற்சியாளர், “கரண்ட் கட் அறிவிப்பா சார்?” என்றார். சாப்பிட்டதில் ஓட்டத்துக்குச் செலவானது போக, உடம்பு தன் வேலையைப் பார்க்க மிஞ்சுவது போதவில்லை என்பதுதான் பொருள்.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடும் 17 வயதுப் பெண் ஒருத்தி. காலையில் வெறும் டீ, மதியம் டப்பா சோறு, ராத்திரி மூன்று இட்லி. சுமார் 1,500 கலோரி. ஓட்டத்துக்கே 600 போகிறது, மிச்சம் 900. கொழுப்பு நீங்கலாக அவள் எடை 38 கிலோ. ஆக, கிலோவுக்கு 24கூட இல்லை. 45 பக்கம் இருக்க வேண்டும்; 30க்குக் கீழே போனால் ஆபத்து. ஐந்து மாதமாக விலக்கு இல்லை. ஒரே வருடத்தில் கெண்டைக்கால் எலும்பில் இரண்டு முறை விரிசல்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திண்டுக்கல்
‘ஊட்டக்குறை’ இருக்கிறதே! ஆள் மெலிந்தால் விலக்கு நிற்கும். எடை பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிசியோதெரபிஸ்ட், மதுரை
மெலிந்தாலும் நிற்கும் ஐயா, ஆனால் இவள் மொத்த எடை ஒரு வருடமாக 48 கிலோதான். வரவு குறைந்ததும் உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்கிறது. சூலகத்தைத் தூண்டும் மூளையின் சைகை மங்குகிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, எலும்பு பலமிழக்கிறது. எடை மிஷினில் இது எதுவும் தெரியாது. அவளோ, “பீரியட்ஸ் வராதது போட்டிக்கு வசதிதான் சார்” என்கிறாள்.

குழும உறுப்பினர், மேலூர்
என் மகளுக்கும் மூணு மாசமா வரலைங்க. நீர்க்கட்டின்னாங்க. அவ ஓடுறதே இல்ல. இதுவும் அதுதானா?

மகப்பேறு மருத்துவர், மதுரை
இல்லம்மா, அது வேறு. கர்ப்பம், தைராய்டு கோளாறு, புரோலாக்டின் ஹார்மோன் கோளாறு, நீர்க்கட்டி எல்லாம் இல்லை என்று பார்த்த பிறகுதான் இதற்கே வருவோம். கையேட்டில் ஒன்று சேருங்கள்: கருத்தடை மாத்திரை கொடுத்து மாதாமாதம் ரத்தப்போக்கு வரவைத்தால் குணமானதாக அர்த்தமில்லை. எலும்புக்கு அது காவல் அல்ல, அறிகுறியை மூடிவிடும். ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி எலும்பில் ஒரே இடத்தில் வலித்தால் சந்தேகப்படுங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். தொடை இடுக்கில் வலி என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி அனுப்புங்கள், இடுப்பு மூட்டருகே விரிசல் இருக்கலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திண்டுக்கல்
அப்படியானால் ‘எஞ்சாற்றல் குறைவு’?

பயிற்சியாளர், உசிலம்பட்டி
‘எஞ்சா ஆற்றல்’னு பிரிச்சுப் படிச்சா அர்த்தமே தலைகீழாயிருமே ஐயா. ‘மிச்ச ஆற்றல்’னா எங்க பிள்ளைகளுக்கும் புரியும். அது இருக்கட்டும், சாப்பாட்டைக் கூட்டுனா அந்தப் பிள்ளை எப்ப ஓடலாம்? மாநிலப் போட்டி வருது.

பிசியோதெரபிஸ்ட், மதுரை
45ஐ எட்ட, அவள் ஓடிக்கொண்டிருந்த அளவுக்கே தினம் இன்னும் 800 கலோரி வேண்டியிருந்தது. இப்போது ஓட்டத்தை நிறுத்தியாயிற்று, அதில் பெரும்பகுதி அங்கேயே ஈடாகிவிடும். எழுந்ததும் வாழைப்பழம், கடலை மிட்டாய், எட்டு மணிக்கு முட்டையோடு டிபன் என்று ஆரம்பித்திருக்கிறோம். விரிசல் ஆறினாலும் விலக்கு திரும்ப மாதக்கணக்காகும். இந்த மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்காதீர்கள் சார். கையேட்டில் இப்போதைக்கு ‘மிச்ச ஆற்றல் குறைவு’. ஐயா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.