ரஷ்ய மொழி: முடிந்துபோன செயலுக்கு ஏன் இம்பெர்ஃபெக்டிவ் வருகிறது? உதவி தேவை

கசான் மாணவி

வணக்கம். கசானில் மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன், ரஷ்ய மொழி வகுப்பில் இப்போது கடந்த கால வினை நடக்கிறது. ரஷ்ய எழுத்து இங்கே பலருக்கும் படிக்க வராது என்பதால் ஒலிப்பைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி இதுதான்: செயல் முடிந்து பலன் கிடைத்துவிட்டால் பெர்ஃபெக்டிவ், நடந்துகொண்டிருந்தாலோ அடிக்கடி நடந்தாலோ இம்பெர்ஃபெக்டிவ். இதை வைத்துப் பயிற்சித் தாளில் பாதிக்கு மேல் சரியாகப் போட்டுவிடுகிறேன். ஆனால் சில வாக்கியங்கள் இதில் அடங்கவே இல்லை. "நேற்று என்னிடம் அண்ணன் வந்தான்" என்பதற்கு 'வ்ச்சிரா கம்னே ப்ரிஷோல் ப்ராத்' என்று எழுதினேன், ஆசிரியை 'ப்ரிஷோல்' என்பதை அடித்துவிட்டு 'ப்ரிஹதீல்' என்று போட்டிருக்கிறார். ஒரே ஒரு முறைதான் வந்தான், வந்து சேர்ந்தும் விட்டான், அப்புறம் எப்படி இம்பெர்ஃபெக்டிவ்?

அதே வாரம் விடுதியில் மேற்பார்வையாளர் அம்மா அறைக்குள் வந்து 'க்தோ அத்க்ரிவால் அக்னோ?' என்று கேட்டார். யார் ஜன்னலைத் திறந்தது என்பதுதான் கேள்வி. ஜன்னல் ஒரு தடவைதான் திறக்கப்பட்டது, முழுசாகத்தான் திறக்கப்பட்டது. 'அத்க்ரீல்' என்றல்லவா வர வேண்டும்? யாராவது விளக்குங்கள், அடுத்த வாரம் தேர்வு இருக்கிறது.

தினம் ஒரு பாடம்

விதி சரிதான், நீங்கள் அதைப் பொருத்திப் பார்த்த விதத்தில்தான் சிக்கல். 'ப்ரிஹதீல்' என்பது வருகிற செயலை ஒரு போக்காகக் காட்டுகிறது, அதாவது வந்துகொண்டிருந்தான் என்ற மாதிரி. நேரத்தைக் குறிக்கும் சொற்களைப் பாருங்கள், 'ச்சாஸ்த' (அடிக்கடி), 'காஷ்தி தியென்' (தினமும்) இருந்தால் இம்பெர்ஃபெக்டிவ், 'வ்த்ரூக்' (திடீரென்று) இருந்தால் பெர்ஃபெக்டிவ். இதைப் பிடித்துக்கொண்டாலே முக்கால்வாசி வந்துவிடும்.

கசான் மாணவி

நன்றி, ஆனால் என் இரண்டு வாக்கியத்திலும் அப்படி எந்தச் சொல்லும் இல்லையே. அண்ணன் வந்துகொண்டிருந்தான் என்றும் நான் சொல்ல வரவில்லை. வந்தான், சாப்பிட்டான், போய்விட்டான், அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பு மேசை

தங்கச்சி, "போய்விட்டான்" என்று கடைசியாகச் சொன்னீர்களே, விடை அதில்தான் இருக்கிறது.

நேரச் சொற்களைப் பற்றி மேலே நண்பர் சொன்னது பொய்யில்லை, ஆனால் 'ப்ரிஹதீல்' இங்கே போக்கைக் காட்டவில்லை. அண்ணன் வந்தான், இப்போது இங்கே இல்லை என்பதைக் காட்டுகிறது. 'கம்னே ப்ரிஷோல் ப்ராத்' என்று நீங்கள் சொன்னால் கேட்பவர், அண்ணன் இன்னும் உங்கள் அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார். தமிழில் "நேற்று அண்ணன் வந்திருந்தான்" என்பதற்கும் "அண்ணன் வந்திருக்கிறான்" என்பதற்கும் வித்தியாசம் யாரும் சொல்லித்தராமலே நமக்குத் தெரியும். முதலாவது 'ப்ரிஹதீல்', இரண்டாவது 'ப்ரிஷோல்'.

ஜன்னலும் அப்படித்தான். அந்த அம்மா கேட்டபோது ஜன்னல் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? மூடியிருந்து, அறை மட்டும் சில்லென்று இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாரோ திறந்தார்கள், மறுபடி மூடியும் விட்டார்கள், அதனால் 'அத்க்ரிவால்'. உள்ளே வரும்போதே ஜன்னல் திறந்து கிடந்து பனிக்காற்று அடித்திருந்தால் 'க்தோ அத்க்ரீல் அக்னோ?' என்றுதான் கேட்டிருப்பார்.

ஆக, முடிந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது. முடிந்ததன் பலன் நீங்கள் பேசுகிற நேரத்தில் அப்படியே நிற்கிறதா, அல்லது கலைந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். இது எல்லா வினைக்கும் பொருந்தாது. செய்ததைத் திருப்பிவிட முடிகிற வினைகளில்தான் வேலை செய்யும்: திறப்பது, எடுப்பது, கொடுப்பது, வருவது, போவது, எழுந்திருப்பது, விளக்கைப் போடுவது. விடுதியில் உங்களுக்கு அடிக்கடி பயன்படப் போகிற ஒன்று சொல்கிறேன். சார்ஜரைக் காணோம் என்றால் 'க்தோ வ்ஸ்யால் மயு ஸர்யாத்கு?' சார்ஜர் மேசையில்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் வைத்த இடத்தில் இல்லை, யாரோ எடுத்துப் பயன்படுத்தித் திரும்ப வைத்திருக்கிறார்கள் என்றால் 'க்தோ ப்ரால் மயு ஸர்யாத்கு?' முதல் கேள்வியைச் சார்ஜர் கண்ணெதிரே இருக்கும்போது கேட்டால் அறைத்தோழி குழம்பிப்போய் அதைச் சுட்டிக்காட்டுவாள்.

கசான் மாணவி

ஆமாம் அக்கா, மூடித்தான் இருந்தது! இப்போது புரிகிறது. அப்படியென்றால் அண்ணன் போய்விட்டான் என்றால் எப்போதும் 'ப்ரிஹதீல்' தானே?

மொழிபெயர்ப்பு மேசை

இல்லை, அவசரப்பட்டு அப்படி எழுதிக்கொள்ளாதீர்கள், தேர்வில் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிவிடுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைக் கதை போலச் சொன்னால் பெர்ஃபெக்டிவ்தான் வரும், ஆள் போயிருந்தாலும் சரி. 'வ்ச்சிரா கம்னே ப்ரிஷோல் ப்ராத், மீ பபீலி ச்சாயு, இ ஓன் உஷோல்.' நேற்று அண்ணன் வந்தான், டீ குடித்தோம், அவன் கிளம்பிவிட்டான். இதில் ஒவ்வொரு செயலும் முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும், ஒவ்வொரு வினையும் கதையை ஒரு அடி முன்னே தள்ளுகிறது. இங்கே 'ப்ரிஹதீல்' போட்டால் கதை நகராமல் நின்றுவிடும்.

"நேற்று என்ன விசேஷம்?" என்று தோழி கேட்டு, நீங்கள் தனியாக ஒரு செய்தியாக "அண்ணன் வந்திருந்தான்" என்று சொன்னால்தான் 'ப்ரிஹதீல்'. உங்கள் பயிற்சித் தாளில் வாக்கியம் தனியாக நின்றது, தொடர்ச்சி இல்லை, அதனால்தான் ஆசிரியை மாற்றியிருக்கிறார்.

மூன்றாம் ஆண்டு

இதை எல்லாம் விடுங்கள், எனக்கு நடந்ததைக் கேளுங்கள். முதலாண்டில் உடற்கூறியல் தேர்வு முடிந்த மறுநாள் ஊரிலிருந்து வந்த சீனியர் ஒருவர் ரஷ்ய மொழியில் விசாரித்தார். நான் எழுதி முடித்துவிட்டேன், ஆகவே பெர்ஃபெக்டிவ் என்று நினைத்து 'யா ஸ்தால் எக்ஸாமென்' என்றேன். அவர் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னார். மதிப்பெண்ணே அப்போது வரவில்லை. தேர்வு எழுதினேன் என்பது 'ஸ்தவால்', தேர்ச்சி பெற்றேன் என்பது 'ஸ்தால்'. இதில் எதையும் திறக்கவும் இல்லை மூடவும் இல்லை, இது என்ன கணக்கு?

மொழிபெயர்ப்பு மேசை

இது வேறு வகை, ஆனால் கேட்டது நல்லதாகப் போயிற்று, மருத்துவ மாணவர்களுக்கு இது கட்டாயம் தேவை. சில வினைகளில் இம்பெர்ஃபெக்டிவ் முயற்சியைச் சொல்லும், பெர்ஃபெக்டிவ் வெற்றியைச் சொல்லும். 'ஸ்தவால்' தேர்வுக்கு உட்கார்ந்தான், 'ஸ்தால்' தேறினான். கணக்குப் போட்டான் என்பது 'ரிஷால்', விடை கண்டுபிடித்தான் என்பது 'ரிஷீல்'.

எதிர்மறையில் இன்னும் கவனமாக இருங்கள். 'யா நி ஸ்தவால்' என்றால் நான் அந்தத் தேர்வுக்கே போகவில்லை. 'யா நி ஸ்தால்' என்றால் போனேன், தேறவில்லை. டீன் அலுவலகத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் சொன்னால் பேச்சு எங்கேயோ போய்விடும். பெண்கள் 'ஸ்தவாலா', 'ஸ்தலா' என்று சொல்ல வேண்டும்.

தினம் ஒரு பாடம்

அப்படியானால் தமிழில் "விட்டேன்" வந்தால் பெர்ஃபெக்டிவ் என்று வைத்துக்கொள்ளலாமே? படித்துவிட்டேன் 'ப்ரச்சிதால்', படித்தேன் 'ச்சிதால்'. நான் வீட்டிலிருந்தே படிப்பவன், இதுவரை இதை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

மொழிபெயர்ப்பு மேசை

கேள்வி கேட்கும்போது ஓரளவு உதவும். "அந்த நாவலைப் படித்திருக்கிறாயா?" என்று சும்மா கேட்பது 'தி ச்சிதால் எதத் ரமான்?' "படித்துவிட்டாயா?" என்பது 'தி ப்ரச்சிதால்?', அதாவது நீ படிக்க வேண்டியிருந்தது எனக்குத் தெரியும், முடித்தாயா என்று விசாரிக்கிறேன். அம்மாவுக்கு ஃபோன் பண்ணினாயா என்பதிலும் இதேதான். 'தி ஸ்வனீல் மாமே?' வெறும் கேள்வி, 'தி பஸ்வனீல் மாமே?' பண்ணுவதாகச் சொன்னாயே என்ற எதிர்பார்ப்போடு வரும் கேள்வி.

ஆனால் தமிழ் வடிவத்தை வைத்து ஒன்றுக்கு ஒன்று பொருத்திவிடாதீர்கள். "வந்திருக்கிறான்" பெர்ஃபெக்டிவ் என்று மேலே சொன்னேன், "படித்திருக்கிறாயா" இம்பெர்ஃபெக்டிவ் என்று இப்போது சொல்கிறேன், இரண்டிலும் ஒரே "இருக்கிறு"தான் நிற்கிறது. முதலில் ஆள் கண்முன்னே நிற்கிறான். இரண்டாவதில் வாழ்க்கையில் எப்போதாவது அது நடந்ததா என்பதுதான் கேள்வி.

கசான் மாணவி

வகுப்பில் 'வீ ப்ரச்சிதாலி தேக்ஸ்த்?' என்று ஆசிரியை கேட்கும்போது இல்லை என்று சொல்ல எது சரி? நான் 'நி ச்சிதாலா' என்றேன், அவர் முகம் மாறிவிட்டது.

மொழிபெயர்ப்பு மேசை

'நி ச்சிதாலா' என்றால் பாடத்தைத் தொடவே இல்லை என்று ஆகிவிடும். பாதி படித்திருந்தால் 'யிஷோ நி ப்ரச்சிதாலா' என்று சொல்லுங்கள், இன்னும் முடிக்கவில்லை என்று அர்த்தம்.

வோல்கா கரை

நான் ஒன்று கேட்கலாமா? என் மனைவி ரஷ்யர், இருபக்கமும் உறவினர்கள் பேசுவதைத் தினமும் கேட்கிறேன். பலன் கலைந்தால் இம்பெர்ஃபெக்டிவ் என்பது சரி, ஆனால் பலன் கண்ணெதிரே நிற்கும்போதும் இம்பெர்ஃபெக்டிவ் வருகிறது. மேசையில் ஆப்பிள் இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டுக்கொண்டே மாமியார் 'க்தே தி பகுப்பால் யாப்லகி?' என்று கேட்கிறார், எங்கே வாங்கினாய் என்று. ஆப்பிளை யாரும் திருப்பிக் கொடுத்துவிடவில்லையே.

மொழிபெயர்ப்பு மேசை

நல்ல இடம். வாங்கியது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும், ஆப்பிள் கையில் இருக்கிறது. மாமியாருக்கு வேண்டியது கடை மட்டும்தான். அப்படிச் செயல் பழைய செய்தியாகி, யார், எங்கே, எப்போது என்பது மட்டும் கேள்வியாகும்போது இம்பெர்ஃபெக்டிவ் வரலாம். இந்தக் கட்டுரையை யார் எழுதியது என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு 'க்தோ பிஸால்?' என்று கேட்பதும் இதனால்தான்.

வோல்கா கரை

ஆனால் மனைவி அதே ஆப்பிளுக்கு 'க்தே தி குப்பீல்?' என்கிறாள். இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்தேன், மாமியார் இரண்டும் ஒன்றுதான் என்கிறார், மனைவி 'குப்பீல்' சொன்னால் இந்த ஆப்பிளையே பற்றி, இன்று வாங்கி வந்ததைப் பற்றிக் கேட்பது போல இருக்கிறது என்கிறாள்.

மொழிபெயர்ப்பு மேசை

நானும் இரண்டையும் கேட்டிருக்கிறேன், இரண்டும் தவறில்லை. உங்கள் மனைவி சொல்லும் நுணுக்கம் எனக்கும் கொஞ்சம் படுகிறது, ஆனால் அதை விதியாகச் சொல்ல நான் தயாராக இல்லை. ஜன்னல் விஷயத்தில் யாரும் தயங்க மாட்டார்கள், ஆப்பிள் விஷயத்தில் ரஷ்யர்களே ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கசான் தங்கச்சி, தேர்வில் ஆப்பிள் மாதிரி வாக்கியம் வந்தால் முன்பின் வரிகளைப் படியுங்கள், செயல் அங்கேதான் முதன்முதலாகச் சொல்லப்படுகிறது என்றால் பெர்ஃபெக்டிவ் போடுங்கள்.

கசான் மாணவி

சரி அக்கா. பயிற்சித் தாளில் கடைசி ஒன்று மட்டும் பாருங்களேன்: "நூலகத்தில் புத்தகம் எடுத்தேன், நேற்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்." முதல் வினைக்கு 'ப்ரலா'வா 'வ்ஸ்யலா'வா? கதை மாதிரியும் இருக்கிறது, பலன் கலைந்த மாதிரியும் இருக்கிறது.

தினம் ஒரு பாடம்

எடுத்தாள், பிறகு கொடுத்தாள், வரிசையாக வருகிறது. 'வ்ஸ்யலா' என்பேன்.

மொழிபெயர்ப்பு மேசை

வரிசையாகச் சொல்கிறீர்கள் என்றால் 'வ்ஸ்யலா', நண்பர் சொன்னது சரி. "அந்தப் புத்தகம் உன்னிடம் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டு, அதற்குப் பதிலாக "எடுத்திருந்தேன், ஆனால் கொடுத்துவிட்டேன்" என்று சொல்கிறீர்கள் என்றால் 'ப்ரலா, நோ உஷே வெர்னூலா'. தாளில் மேலே கேள்வி ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

கசான் மாணவி

இருக்கிறது, "உன்னிடம் இருக்கிறதா" என்றேதான். 'ப்ரலா' போடுகிறேன்.