ஸ்லைடருக்குத் தமிழ்ச் சொல்: திருகுபந்தா, நழுவுபந்தா?

கயல்விழி:

குழுவினருக்கு வணக்கம். விளையாட்டுக் கலைச்சொல் பட்டியலில் பேஸ்பால் பகுதியை நான் தொகுத்து வருகிறேன். எறிவகைகளில் மூன்று சொற்களுக்கு உங்கள் கருத்து வேண்டும். ஃபாஸ்ட்பாலுக்கு வேகப்பந்து, கர்வ்பாலுக்கு வளைபந்து என்று எழுதிவிட்டேன். ஸ்லைடர்தான் படுத்துகிறது. முதலில் சறுக்குப்பந்து என்று வைத்தேன். பிறகு சில காணொளிகளைப் பார்த்தபோது பிட்ச்சர் கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருகுவதுபோலத் தெரிந்தது. அதனால் திருகுபந்து என்று மாற்றியிருக்கிறேன். இது பொருந்துமா?

ஜமால்:

கயல்விழி, ஸ்லைடருக்கு இரண்டு ஆண்டு முன்பே இங்கே பேசி "நழுவி" என்று முடிவு செய்தோமே. ஒலி அளவைக் கூட்டவும் குறைக்கவும் திரையில் இழுப்போமே, அதற்கு. மறுபடி ஏன் மாற்ற வேண்டும்? மென்பொருள் மொழிபெயர்ப்பில் எல்லா இடத்திலும் போய்விட்டது.

கயல்விழி:

ஜமால் அண்ணா, இது திரையில் இழுக்கும் ஸ்லைடர் இல்லை, பேஸ்பாலில் எறியும் பந்து. ஆனாலும் "நழுவி" என்ற சொல்லை நினைவூட்டினீர்களே, அது எனக்குப் பயன்படும்போல் இருக்கிறது.

தாமோதரன்:

கிரிக்கெட்டில் இதற்கெல்லாம் சொல் இருக்கிறது, புதிதாக எதற்கு? பந்து காற்றில் திரும்புவது தையலால். கர்வ்பால் என்பது நம் டாப்ஸ்பின்னர்தான். முன்பக்கமாகச் சுழலும் பந்து எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கீழே இறங்கும். பேஸ்பாலில் நான்கு தையல் பந்து, இரண்டு தையல் பந்து என்று இரண்டு வகைப் பந்துகள் வைத்திருக்கிறார்கள். எதை எடுக்கிறாரோ அதற்கேற்ப எறிவார். மற்றதெல்லாம் மணிக்கட்டைச் சுண்டுவதில் இருக்கிறது. எனவே திருகுபந்து சரியான சொல் என்றே நினைக்கிறேன்.

இரவிச்சந்திரன்:

வணக்கம். நான் பல ஆண்டுகள் கேட்ச்சராக ஆடியவன். இந்தப் பந்துகள் என்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தாமோதரன் ஐயா டாப்ஸ்பின்னர் பற்றிச் சொன்னது சரி. கர்வ்பால் இறங்குவதற்கும் அதே காரணம்தான். ஆனால் பந்தில் இரண்டு வகை கிடையாது. ஒரே பந்து, அதில் ஒரே தையல், 108 இரட்டைத் தையல்களாகச் சுற்றி வளைந்து போய்த் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. விரல்களைக் குதிரைலாட வடிவத் தையலுக்குக் குறுக்காக வைத்து எறிந்தால், பந்து ஒரு முறை சுழல்வதற்குள் தையல் நான்கு தடவை காற்றை வெட்டும். அதுதான் நான்கு தையல் பிடி. தையல்கள் நெருங்கி ஓடும் இடத்தில் விரல்களை நீளவாக்கில் வைத்தால் இரண்டு தடவைதான் வெட்டும். அதாவது அது பிடியின் பெயர்.

இனி மணிக்கட்டு. வலக்கைக்காரர் நான்கு தையல் ஃபாஸ்ட்பால் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடும்போது உள்ளங்கை கேட்ச்சரைப் பார்க்கிறது, இரு விரல்களும் பந்துக்குப் பின்னால் இருக்கின்றன. கடைசியாக விரல்நுனிகள் பந்தின் பின்பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டு விலகுகின்றன. அதனால் பந்து பின்பக்கமாகச் சுழல்கிறது. கர்வ்பாலில் நடுவிரல் தையலை ஒட்டி அழுத்தியிருக்கும், கட்டைவிரல் எதிர்ப்புறம். விடும்போது உள்ளங்கை அவருடைய தலையைப் பார்த்துத் திரும்பியிருக்கும், விரல்கள் பந்தின் மேலேறி முன்பக்கமாக இறங்கும். சுழற்சி அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

ஸ்லைடர் இரண்டுக்கும் நடுவில். விரல்கள் பந்தின் நடுவில் இல்லாமல் சற்று வெளிப்பக்கம் தள்ளி இருக்கும். கை ஃபாஸ்ட்பால் எறிவதுபோலவே வரும். விரல்கள் பந்தின் பின்னால் முழுதாக இல்லை, முன்னாலும் இல்லை, பக்கவாட்டில் இருக்கின்றன. அதனால் பந்து துப்பாக்கிக் குண்டுபோலத் தான் போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல்கிறது. மட்டையாளருக்கு அச்சின் முனை நேரே தெரியும், அங்கே தையல் சிவப்புப் புள்ளியாகக் கூடி நிற்கும்.

இந்த மூன்றிலும் மணிக்கட்டைத் திருகுவது எதிலும் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. கை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பது பந்து கையைவிட்டுப் போவதற்கு முன்பே அமைந்துவிடுகிறது. விட்ட பிறகு முன்கை உள்நோக்கிச் சுழன்று, கட்டைவிரல் கீழே பார்க்கும்படி முடிகிறது. ஃபாஸ்ட்பால், கர்வ்பால், ஸ்லைடர் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் என்பதை அதிவேகக் கேமராவில் பார்க்கலாம். கயல்விழி காணொளியில் பார்த்தது பந்தை விட்ட பிறகு வரும் அந்தக் கைச்சுழற்சியாக இருக்கும்.

பூங்கொடி:

இரவிச்சந்திரன் ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு என் மகனின் நினைவுதான் வந்தது. பதின்மூன்று வயதில் ஒரு பயிற்சியாளர் அவனுக்கு ஸ்லைடர் சொல்லிக்கொடுத்தார். "கதவுக் குமிழைத் திறப்பதுபோல் கடைசியில் திருப்பு" என்றார். சில வாரங்களில் முழங்கையின் உட்பக்கம் வலி. அந்தப் பருவம் முழுக்க அவன் எறியவில்லை.

பிறகு வேறொருவர் மெதுவியக்கத்தில் படம் எடுத்துக் காட்டினார். பந்தை விட்ட பின்னும் அவன் உள்ளங்கை மேலே பார்த்தபடியே நின்றது. அவர் மணிக்கட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "விரலை மட்டும் பக்கத்தில் தள்ளி வை, அப்புறம் ஃபாஸ்ட்பால் என்று நினைத்தே எறி" என்றார். சரியாக வருகிறதா என்று பார்க்கப் பந்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் நல்ல சுழற்சி, வட்டமடித்தால் அச்சு ஆடுகிறது என்று அர்த்தம்.

அதனால் தயவுசெய்து "திருகுபந்து" வேண்டாம். ஒரு பையன் அந்தப் பெயரைக் கேட்டாலே கையைத் திருகுவான்.

இரவிச்சந்திரன்:

பூங்கொடி அம்மா, இதைச் சொன்னதற்கு மிகவும் நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வலிக்கு அந்தத் திருப்பல் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஃபாஸ்ட்பாலே முழங்கைக்குப் பெரிய சுமைதான். எத்தனை எறிகிறான், எத்தனை நாள் ஓய்வு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பிட்ச் ஸ்மார்ட் என்ற வழிகாட்டலில் 13, 14 வயதுக்கு ஒரு நாளுக்கு அதிகபட்சம் 95 எறிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

திருகுபந்துக்கு இன்னொரு தடையும் உண்டு. ஸ்க்ரூபால் என்று தனியாக ஓர் எறி இருக்கிறது. வலக்கைக்காரரின் ஸ்லைடர் அவருடைய இடப்பக்கம் விலகும், ஸ்க்ரூபால் வலப்பக்கம் விலகும். திருகுபந்து என்று சொன்னால் எல்லோரும் அதைத்தான் நினைப்பார்கள். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடலாம்.

தாமோதரன்:

தையல் விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று புரியவில்லை. குண்டுபோலச் சுழலும் பந்துக்குக் காற்று எந்தப் பக்கமும் தள்ளாது என்றால், ஸ்லைடர் ஏன் விலகுகிறது? நேராகத்தானே போக வேண்டும்?

இரவிச்சந்திரன்:

நல்ல கேள்வி. கணக்காகப் பார்ப்போம். எறியும் மேட்டிலிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். பிட்ச்சர் முன்னே எட்டி விடுவதால் பந்து உண்மையில் பறப்பது 16.7 மீட்டர் அளவுதான்.

மணிக்கு 95 மைல் ஃபாஸ்ட்பாலுக்கு அந்தத் தூரம் 0.41 நொடி. அதற்குள் புவியீர்ப்பு 80 செ.மீ. கீழே இழுக்கும். பின்சுழற்சி 40 செ.மீ. அளவுக்குத் தாங்கிப் பிடிக்கும். மிச்சம் 40 செ.மீ. இறக்கம். ஃபாஸ்ட்பால் மேலே எழும்புகிறது என்பார்களே, அது எழும்புவதில்லை, எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இறங்குகிறது.

86 மைல் ஸ்லைடருக்கு 0.45 நொடி. தாங்கவும் யாருமில்லை, அழுத்தவும் யாருமில்லை. முழுதாக ஒரு மீட்டர் இறங்கும். 78 மைல் கர்வ்பாலுக்கு அரை நொடி. ஈர்ப்பு 1.2 மீட்டர், முன்சுழற்சி மேலும் 25 செ.மீ. அழுத்தும், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். அதனால்தான் கர்வ்பால் கையிலிருந்து சற்று மேல்நோக்கிக் கிளம்பும். அந்தச் சிறு மேட்டைக் கண்டு கண்டுபிடித்துவிடும் மட்டையாளர்கள் உண்டு.

ஸ்லைடர் கிளம்புவது ஃபாஸ்ட்பால் மாதிரியே இருக்கும். மட்டையாளர் ஃபாஸ்ட்பால் வரும் இடத்துக்கு மட்டையைக் கொண்டு போகிறார். பந்து அதற்கு ஏறக்குறைய 60 செ.மீ. கீழே கடக்கிறது. மட்டையின் தடிமனே அதிகபட்சம் 6.6 செ.மீ. பக்கவாட்டிலும் இதே கதைதான். ஃபாஸ்ட்பால் எறியும் கையின் பக்கம் கொஞ்சம் ஒதுங்கும். ஸ்லைடர் ஒதுங்காமல் வந்தாலே எதிர்ப்பக்கம் விலகியதாகத் தெரியும். அச்சு முழுக்க நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருப்பதால் உண்மையான விலகலும் கொஞ்சம் சேரும்.

ஜமால்:

அப்படியானால் மட்டையிடமிருந்து நழுவுகிறது! நழுவுபந்து என்று வையுங்களேன். திரையில் இருப்பது நழுவி, மைதானத்தில் இருப்பது நழுவுபந்து, குழப்பமும் வராது.

தாமோதரன்:

நழுவுபந்து கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கையிலிருந்து தவறி விழுந்த பந்து என்றும் கேட்கிறது. கிரிக்கெட்டில் கேட்ச்சை நழுவவிட்டார் என்றுதான் எழுதுகிறோம். சுழற்சியை வைத்துத் துளைபந்து என்று சொல்லலாமே, துளையிடும் கருவி சுழல்வதுபோலச் சுழல்கிறது.

இரவிச்சந்திரன்:

துளைபந்து விளக்கத்துக்கு அருமை. ஆனால் எல்லா ஸ்லைடரும் அப்படிச் சுழல்வதில்லை. அகலமாகப் பக்கவாட்டில் ஓடும் ஸ்வீப்பரை 2023 முதல் தனிவகையாகவே கணக்கிடுகிறார்கள். அதன் அச்சு வேறு. சுழற்சியைப் பெயரில் பூட்டினால் குடும்பம் பெருகும்போது இடிக்கும். என் ஓட்டு நழுவுபந்துக்கு. வளைபந்து இருக்கட்டும். அது பெரும்பாலும் கீழ்நோக்கி வளைகிறது என்பதை மட்டும் விளக்கத்தில் எழுதுங்கள்.

கயல்விழி:

எல்லோருக்கும் நன்றி. பட்டியலில் இப்போது இப்படி வைக்கிறேன்: ஸ்லைடர் நழுவுபந்து, கர்வ்பால் வளைபந்து, ஸ்க்ரூபால் திருகுபந்து. குண்டுபோன்ற சுழற்சிக்குத் துளைசுழல், மற்ற இரண்டுக்கும் பின்சுழல், முன்சுழல். பிடிகளுக்கு நாற்றையல் பிடி, இருதையல் பிடி. தாமோதரன் ஐயாவின் மறுப்பையும் நழுவுபந்துக்குக் கீழே குறித்திருக்கிறேன். நழுவுபந்து விளக்கத்தில் "விரல் பக்கத்தில், மணிக்கட்டு ஃபாஸ்ட்பாலில் போலவே" என்று பூங்கொடி அக்கா சொன்னதைச் சேர்த்துவிட்டேன்.

ஃபாஸ்ட்பாலைத்தான் இன்னும் தீர்க்க முடியவில்லை. வேகப்பந்து என்றால் படிப்பவர் மனம் உடனே கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறது. நேர்பந்து என்றால் நான்கு தையலுக்கு ஓரளவு ஒத்துவரும், இரண்டு தையலுக்கு ஒத்துவராது, அது கைப்பக்கம் ஒதுங்கிக் கீழே இறங்குகிறது. ஸ்வீப்பருக்கும் சொல் வேண்டும். வாரும்பந்து, அகல்பந்து என இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். எதிலும் மனம் நிற்கவில்லை.