மடித்துத் துளையிட்ட தாளை விரித்தபின் அதற்கு என்ன பெயர்?

தில்லைநாயகி எழுதியது

குழுவினருக்கு வணக்கம். போட்டித் தேர்வுக்கான படவழித் திறனறிவு நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 2023 முதல் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் சில தேர்வுகளைத் தமிழிலேயே எழுத முடிகிறது என்பதால் இப்படியொரு நூலுக்குத் தேவை வந்திருக்கிறது.

தாள் மடிப்புப் பாடத்தில் நின்றுபோயிருக்கிறேன். சதுரத் தாளை மடித்து, துளையிட்டு, “திறக்கும்போது எப்படித் தோன்றும்?” என்று கேட்கும் வினாக்கள் இவை. கதவைத் திறப்போம், பெட்டியைத் திறப்போம். மடித்த தாளை யாராவது திறப்பார்களா? விரிப்போம், பிரிப்போம். விரித்தபின் கிடைக்கும் அந்த விடைப்படத்துக்கு ஒற்றைச் சொல் வேண்டும். ‘விரிபடம்’ என்று வைக்கலாமா?

செந்தில் எழுதியது

அக்கா, இந்தப் பாடத்தைப் பயிற்சி வகுப்பில் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். ‘விரித்த தாள்’ என்றாலே பையன்களுக்குப் புரிகிறது. புதுச்சொல்லை மனப்பாடம் செய்யும் நேரத்தில் இரண்டு கணக்குப் போட்டுவிடலாம். ஒரு மடிப்பு என்றால் இரண்டு துளை, இரண்டு மடிப்பு என்றால் நான்கு, மூன்று என்றால் எட்டு. கண்ணாடிப் பிம்பத்தில் இடம் வலமாகும், நீர்ப் பிம்பத்தில் மேல் கீழாகும். இவ்வளவுதான் விஷயம்.

பழனிவேல் எழுதியது

தம்பி செந்தில், உங்கள் துளைக் கணக்கு, ஒவ்வொரு மடிப்பிலும் தாள் முழுவதும் சரிபாதியாக மடங்கினால்தான் சரிவரும். வினா அமைப்பவர்கள் மாணவரைச் சறுக்க வைப்பதே அப்படி மடங்காத இடத்தில்தான். ஒரு தாளை எடுத்து என்னோடு மடித்துப் பாருங்கள்.

சதுரத் தாளில் நான்கு வரிசை, நான்கு பத்தியாகப் பதினாறு கட்டம் போடுங்கள். வலப்பாதியை இடப்பாதியின் மேல் மடியுங்கள். இப்போது அகலம் இரண்டு கட்டம், உயரம் நான்கு கட்டம். அடுத்து, மேல் இட மூலையை மட்டும் உள்ளே மடியுங்கள். அந்த மூலை முழுத்தாளின் நடுப்புள்ளியில் வந்து உட்கார வேண்டும். மடிப்புக் கோடு இடவிளிம்பின் நடுவிலிருந்து மேல் வலமூலைக்குச் சாய்வாக ஓடும்.

இந்த நிலையில் இரண்டு துளை போடுகிறேன். ஒன்று கீழ் வரிசையின் இடக் கோடிக் கட்டத்தில். மற்றொன்று, மேலிருந்து இரண்டாம் வரிசை, இரண்டாம் பத்திக் கட்டத்தில், சாய்ந்து வந்த முக்கோணத்தின் மேல். உங்கள் விதிப்படி இரண்டு மடிப்பு, துளைக்கு நான்கு, ஆகமொத்தம் எட்டு. விரித்துப் பாருங்கள், ஆறுதான் இருக்கும்.

ஏன்? கீழ்த்துளை இருக்கும் இடத்தை இரண்டாம் மடிப்பு தொடவே இல்லை. அங்கே தாள் இரண்டு அடுக்கு, ஆகவே இரண்டு துளை. முக்கோணத்தின் மேல் நான்கு அடுக்கு, ஆகவே நான்கு. எண்ண வேண்டியது துளையின் அடியில் கிடக்கும் அடுக்குகளை, மடிப்புகளை அல்ல.

விரிக்கும் வரிசையும் முக்கியம். கடைசியில் மடித்ததை முதலில் பிரிக்க வேண்டும். மூலையைப் பிரித்தால், அந்தத் துளை சாய்கோட்டைத் தாண்டி முதல் வரிசை, முதல் பத்திக்குப் போய்ச் சேரும். பிறகு வலப்பாதியைப் பிரித்தால் இடப்பக்கம் இருக்கும் மூன்று துளைகளும் வலப்பக்கம் தம் இணைகளைப் பெறும்.

துளை வட்டமாக இருந்தால் இத்துடன் முடிந்தது. அது மேல்நோக்கிய முக்கோணம் என்று வையுங்கள். மூலைக்குப் போகும் முக்கோணம் எங்கே பார்க்கும்? மேலே என்றுதான் பலர் குறிப்பார்கள். தவறு. வலப்பக்கம் பார்க்கும். சாய்கோட்டில் பிரதிபலிக்கும்போது நெட்டு கிடையாகிவிடும், கிடை நெட்டாகிவிடும். அதன் இணையாக மேல் வலமூலையில் வருவது இடப்பக்கம் பார்க்கும். இரண்டாம் வரிசையில் உள்ள இரண்டு மட்டுமே மேலே பார்க்கும்.

இனி பிம்பத்துக்கு வருகிறேன். இடம் வலமாவதும் மேல் கீழாவதும் ஆடி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘ட’ என்ற எழுத்தின் வலப்புறம் ஆடியை நிறுத்தினால் நெட்டுக்கோடு வலப்பக்கம் போகும். ஆடிக்கோடு எழுத்தின் அடியில் கிடையாக இருந்தால் கிடைக்கோடு மேலே ஏறும். அப்போது கண்ணாடிப் பிம்பமும் நீர்ப் பிம்பமும் ஒன்றேதான். வினாத்தாளில் MN என்று குறித்த கோட்டைப் பார்க்காமல் விடையைத் தொடக்கூடாது.

தில்லைநாயகி அம்மாவுக்கு: ஒவ்வொரு மடிப்புக் கோடும் ஓர் ஆடிதான். இந்த உறவு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பது என் ஆசை. மடிப்புக் கோட்டை ‘மடியாடி’ என்றால் என்ன?

ரமணி எழுதியது

என் மகள் இதே தேர்வுக்குப் படிக்கிறாள், அதனால் ஆர்வமாக வாசித்தேன். கண்ணாடியில் தெரியும் கடிகாரத்துக்கு 11:60-இலிருந்து கழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 4:20 என்றால் 7:40. இது சரியாகத்தானே வருகிறது? நீர்ப் பிம்பத்துக்கும் அப்படி ஓர் எண் இருக்கிறதா?

பழனிவேல் எழுதியது

நாம் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் மணியைத் தேடுகிறீர்கள் அம்மா! இருந்தாலும் நல்ல கேள்வி. 7:40 சரி. ஆடி பக்கவாட்டில் இருந்தால் இரண்டு முள்ளும் ஒத்துப்போகும். 4:20-ஐ நீரில் பார்த்தால் நிமிட முள் 2-இல் நிற்கும், அதாவது பத்து நிமிடம். மணி முள்ளோ 1-ஐத் தாண்டி 2-ஐ நோக்கி மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். பத்து நிமிடத்துக்கு அது ஆறில் ஒரு பங்குதான் நகர்ந்திருக்க வேண்டும். ஓடும் கடிகாரம் எதுவும் அந்த நிலையைக் காட்டாது. ஆகவே எண்ணைக் கழிக்காமல் முள்ளை வரைந்து புரட்டச் சொல்லுங்கள்.

கௌரி எழுதியது (யாழ்ப்பாணம்)

‘மடியாடி’ என்றதும் எனக்கு மடியில் ஆடும் குழந்தைதான் நினைவுக்கு வந்தது, மன்னிக்கவும். எங்கள் பாடநூல்களில் தளவாடி, விம்பம் என்று எழுதுகிறோம். ‘பிம்பம்’ என்று நீங்கள் எழுதினாலும் விளங்கும், ஆனால் நூல் இங்கேயும் வரும் என்றால் முன்னுரையில் ஒரு வரி போடுங்கள்.

‘விரிபடம்’ நல்ல சொல். என் தயக்கம் வேறு. கனசதுர அட்டைப் பெட்டியை வெட்டித் தட்டையாக்கினால் ஆறு சதுரம் ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அதற்கு இந்தச் சொல் இன்னும் பொருந்தும். இதற்குக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன செய்வீர்கள்?

சிக்கலான கோட்டுப்படத்துக்குள் சிறிய உருவைத் தேடும் வினாவுக்கு ‘மறைந்த உரு’ என்று போடாதீர்கள். அங்கே எதுவும் மறையவில்லை. எல்லாக் கோடும் கண்முன் இருக்கிறது, வேறு கோடுகள் குறுக்கே ஓடுகின்றன, அவ்வளவுதான். ‘பொதியுரு’ என்பது நெருக்கமாக இருக்கும். உருவின் மிக நீண்ட கோட்டையோ விநோதமான கோணத்தையோ முதலில் பிடித்துக்கொண்டு, அதே சாய்வில் பெரிய படத்தில் தேட வேண்டும். உருவைச் சுழற்றக் கூடாது என்று வினா சொன்னால், சாய்வு மாறிய கோடு எவ்வளவு ஒத்திருந்தாலும் தள்ளிவிடலாம்.

செந்தில் எழுதியது

தாளை மடித்துப் பார்த்தேன் ஐயா. ஆறுதான். அடுத்த வகுப்பில் அடுக்கை எண்ணச் சொல்கிறேன். ஆனாலும் ‘பொதியுரு’ என்றால் எந்தப் பையனும் பொதிமாடு என்றுதான் நினைப்பான்.

தில்லைநாயகி எழுதியது

அனைவருக்கும் நன்றி. வினா வாக்கியத்தில் ‘விரித்தால்’ என்றே எழுதுகிறேன், அதில் செந்தில் தம்பிக்கு வெற்றி. ‘மடிப்புக் கோடு’ அப்படியே இருக்கட்டும். பழனிவேல் ஐயா கோபிக்க வேண்டாம். ‘பொதியுரு’ வைத்துக்கொள்கிறேன். ‘விரிபட’த்தைக் கனசதுரப் பாடம் வரும்வரை நிறுத்தி வைக்கிறேன், கௌரி எழுப்பிய தடைக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். மூலநூலின் ஒரு வினாவில், மடிப்பு விளிம்பிலேயே அரைவட்டம் வெட்டப்படுகிறது. விடைப்பகுதியில் எதிரெதிரே இரண்டு தனி அரைவட்டங்கள் வரைந்திருக்கிறார்கள். கத்தரிக்கோலால் வெட்டி விரித்துப் பார்த்தேன். நடுவே ஒரே ஒரு முழுவட்டம் இருந்தது. பதிப்பாளருக்கு அந்தத் தாளையே உறையில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.