புதுப்பிப்பு: சிங்கப்பூர்ச் சம்பளம், இந்திய வரிக்கணக்கு, எந்த நாள் விலை?

நான் கேட்டிருந்தது: "2024 டிசம்பர் கடைசியில் வேலைக்காக இங்கே வந்தேன். அந்த நிதியாண்டுக்கு இந்தியாவில் ரெசிடென்ட்தான். இங்கே வாங்கிய மூன்று மாதச் சம்பளத்தை எந்த நாள் விலையில் ரூபாயாக்குவது?"

ஆடிட்டர் அக்கா ஒருவர் தெளிவாக்கினார். அந்த நிதியாண்டுக்கான இந்திய வருமான வரி விதி 115-இன்படி, சம்பளம் சேரவேண்டிய மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஸ்டேட் வங்கியின் டெலகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விலை, அதாவது வங்கி வெளிநாட்டுப் பணத்தை நம்மிடம் வாங்கும் விலை. ஜனவரிச் சம்பளத்துக்கு டிசம்பர் 31, மார்ச்சுக்கு பிப்ரவரி 28.

தேக்காவில் பணம் அனுப்பிய ரசீதில் இருந்த விலையைத்தான் நான் போட்டிருந்தேன். சம்பளம் 5,000 சிங்கப்பூர் வெள்ளி, ஒரு வெள்ளிக்கு ரசீதில் 63 ரூபாய், வங்கி விலை 62 என்று வைத்துக்கொண்டால், 3,15,000 இல்லை, 3,10,000தான் காட்டவேண்டும். ஊருக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்திருந்த பணத்துக்கும் இதே கணக்கு.

"எல்லாத்துக்கும் மார்ச் 31 விலைதான்" என்று அறைத்தோழர் சொன்னது பாதி சரி. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு அது பொருந்தும், சம்பளத்துக்குப் பொருந்தாது. இன்னொரு அண்ணன் சிங்கப்பூர் வரிப் படிவம் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, அமெரிக்கப் பங்கு டிவிடெண்ட் கதையைச் சொன்னார். இந்தியக் கணக்கில் டிவிடெண்டுக்கும் முந்தைய மாதக் கடைசி நாள்தான்.

அந்த நாள் விலைப்பட்டியலை அன்றே சேமித்து வையுங்கள், பிறகு தேடுவது பெரும்பாடு. அப்புறம், ஜனவரிச் சம்பளம் பிப்ரவரி 5-இல் வந்தால் சேரவேண்டிய மாதம் எது? அக்கா ஜனவரி என்கிறார், அவர் கூட்டாளி ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்கிறார்.