புதுப்பிப்பு: பொருளாதாரம் பூஜ்ஜியத்திலிருந்து, படிக்கும் வரிசையில் ஒரு திருத்தம்

“பத்தாவதோட பொருளாதாரத்தை விட்டாச்சு. எதை முதல்ல, எதை அப்புறம் படிக்கணும்?” என்று கேட்டவர்களுக்கு:

தமிழ்நாடு பாடநூலின் 11ஆம் வகுப்புப் பொருளியலை முதல் பாடத்திலிருந்து நேராகப் படிக்கச் சொல்லியிருந்தேன். கல்லூரியில் இதையே நடத்தும் தர்மபுரி அக்கா திருத்தினார்: நான்காவதான செலவு, வருவாய் பாடத்துக்குத் தேவையான கணக்கு கடைசிப் பாடத்தில் கிடக்கிறது. எனவே இரண்டாவது பாடம் முடிந்ததும் அந்தக் கடைசியான 12ஆம் பாடத்தில் நேர்கோடு, சாய்வு, வகையிடல் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அணிகள் பிறகு.

இரண்டாவது பாடத்தின் தேவை நெகிழ்ச்சியில், அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதில், அவசரப்படாதீர்கள். புரிந்ததா என்று பார்க்க ஒரு கணக்கு: ஊரில் 100 டன் மாங்காய், டன் 20,000 ரூபாய். வரவு 20 லட்சம். அடுத்த வருடம் 120 டன் காய்த்து விலை 15,000 ஆனால் வரவு 18 லட்சம்தான். விளைச்சல் கூடியும் வரவு ஏன் குறைந்தது? “தேவை குறைஞ்சிருச்சு” என்று எழுதினால் மறுபடி படியுங்கள். தேவைக்கோடு நகரவில்லை, அளிப்புக்கோடுதான் வலப்புறம் போனது; விலை 25% இறங்கியும் விற்பனை 20%தான் கூடியது, அதனால்தான் வரவு குறைந்தது.

“செய்தி புரியணும்னா ஜிடிபிதான் முதல்ல” என்ற தம்பி சொன்னது பாதி சரி. 12ஆம் வகுப்பின் தேசிய வருவாய்ப் பாடத்தை மட்டும் 11ஆம் வகுப்புப் பாடங்களுக்கு இடையில் படிக்கலாம்; பணவியல் பாடம் அதற்குப் பிறகே. அவரும் அக்காவும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

குரூப் 2 தேர்வுக்குப் படிக்க வேண்டிய பட்டியல் கேட்ட ஓசூர் நண்பருக்கு: அது வேறு பட்டியல்.